பில் போட்டாச்சா? கடைக் கவுன்டருக்குப் புதிதாக வருபவருக்கு ஓர் ஒப்படைப்புக் குறிப்பு

பொள்ளாச்சியில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஒன்பது வருஷமாக பில்லிங் கவுன்டரில் இருக்கிறேன். அடுத்த மாதம் என் இடத்துக்கு வேறொருவர் வருகிறார். அவருக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு இது. எந்தக் கடையில் கவுன்டருக்குப் போகிறவருக்கும் ஆகும் என்று தோன்றியதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கடையில் ஒரு நாளில் அதிகமாகக் காதில் விழும் கேள்வி "பில் போட்டாச்சா?" என்பதுதான். கேட்பவரைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறும். குடோன் அண்ணன் கேட்டால், வண்டியில் ஏற்றலாமா என்று அர்த்தம். முதலாளி கேட்டால், பணம் வந்ததா என்று அர்த்தம். மேஸ்திரி கேட்டால், தன் கணக்கில் எவ்வளவு ஏறியது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார். ஆடிட்டர் கேட்டால், இந்த மாத வரிக் கணக்கில் இது சேருமா என்று கேட்கிறார். நான்குக்கும் ஒரே "ஆமா" சொல்லிவிட்டால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும். முதல் மூன்று மாதம் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

## தையல்காரர் நோட்டு

கம்ப்யூட்டரை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் தெருத் தையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரவிக்கைத் துணி கொடுக்கிறீர்கள். அளவும் தேதியும் குறித்துக்கொள்கிறார். இருநூறு ரூபாய் முன்பணம் கொடுக்கிறீர்கள். சொன்ன தேதியில் ஒன்றுதான் தயாராக இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு, மீதியை அப்புறம் தருவதாகச் சொல்லிவிட்டு வருகிறீர்கள்.

இப்போது அவர் நோட்டில் நான்கு விஷயம் தனித்தனியாக இருக்க வேண்டும்: என்ன தைத்துத் தர ஒப்புக்கொண்டார், எதைக் கையில் கொடுத்தார், கொடுத்ததற்கு எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது. "ரவிக்கை 2, ரூ.800" என்று ஒரே வரியில் எழுதி ஒரு டிக் அடித்திருந்தால், பத்து நாள் கழித்து அந்த டிக் எதற்கு என்று அவருக்கே தெரியாது. தைத்ததற்கா, கொடுத்ததற்கா, பணத்துக்கா?

எங்கள் கடையும் இதே நோட்டுதான். ஒப்புக்கொண்டது ஆர்டர். வண்டியில் ஏற்றுவதற்கான பட்டியல் லோடிங் சீட்டு. போன சரக்குக்கு இவ்வளவு வர வேண்டும், இதில் இவ்வளவு வரி என்று சட்டப்படி சொல்வது பில். வந்த பணத்துக்கு எழுதுவது ரசீது. ஆர்டர் போட்டால் சரக்கு இருப்பு குறையாது, யார் கணக்கிலும் கடன் ஏறாது. பில் போட்டால் இரண்டும் நடக்கும், கூடவே வரியும் பிறக்கும். ரசீது போட்டால் கடன் மட்டும் இறங்கும்.

இனி ஒரு நிஜ ஆர்டரை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதோடு போவோம். விலைகளை மட்டும் கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

## ஆர்டர்: எழுதுவதைவிடக் கேட்பதுதான் வேலை

28ஆம் தேதி காலையில் ஒரு மேஸ்திரியிடமிருந்து போன் வருகிறது. "அம்மணி, நாலு இஞ்ச் பைப்பு நாப்பது லென்த்து, பெண்டு முப்பது, சைட்டுக்கு அனுப்பி வுடுங்க."

கேட்டதும் எழுதிவிடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் எங்கள் குடோனில் "நாலு இஞ்ச் பைப்" என்று ஒரு பொருள் கிடையாது. தண்ணீர் ஏற்றும் பைப்பில் 4 கிலோ, 6 கிலோ என்று அழுத்தம் தாங்கும் அளவு மாறும். கழிவுநீருக்குப் போடும் எஸ்டபிள்யூஆர் பைப் வேறு. அதிலும் ஏ டைப் மழைநீருக்கு, பி டைப் கக்கூஸ் லைனுக்கு. ஜாயிண்ட் பசையில் ஒட்டுவதா, ரப்பர் ரிங் போட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு லென்த், அதாவது ஒரு முழுப் பைப், பத்தடியா இருபதடியா என்பதும் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும்.

அதனால் மேஸ்திரியிடம் மூன்று கேள்வி கேட்டே ஆக வேண்டும். "எதுக்குங்க போடறீங்க? பசையா, ரிங்கா? எத்தனை அடி லென்த்துங்க?" முதல் கேள்விதான் முக்கியம். டைப் பெயர் அவருக்கு நினைவில் இல்லாமல் போகலாம், எதற்குப் போடுகிறோம் என்பது மறக்காது. "கக்கூஸ் லைனுக்கு" என்று சொன்னால் பி டைப் என்று நாம் முடிவு செய்துகொள்ளலாம். பைப் லைன் திரும்பும் இடத்தில் போடும் வளைவுதான் பெண்டு, அதையும் அதே ஜாயிண்டில் கொடுக்க வேண்டும். பசை பைப்புக்கு ரிங் பெண்டு போய்ச் சேர்ந்தால் வண்டி வாடகை இரண்டு முறை நம் தலையில் விழும்.

பிறகு விலை சொல்லுங்கள். சொல்லும்போது "வரி சேர்க்காமல்" அல்லது "வரியோடு" என்ற சொல் கட்டாயம் வாயில் வர வேண்டும். ஏன் என்பது வரிப் பகுதியில் புரியும். விலையை எழுதிக் கேட்டால் கொட்டேஷன் கொடுக்கலாம். கொட்டேஷன் என்பது விலை சொல்லும் காகிதம், அவ்வளவுதான்.

கடைசியில் எல்லாவற்றையும் அவருக்குத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள்: எஸ்டபிள்யூஆர் பி டைப், பசை ஜாயிண்ட், பத்தடி, 40 லென்த், லென்த் 600 ரூபாய், நாலு இஞ்ச் பெண்டு 30, ஒன்று 100 ரூபாய், வரி தனி. அவர் "செரி" என்ற பிறகுதான் டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் `Sales Order` போட வேண்டும். பொருள், எண்ணிக்கை, விலை, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் அதில் இருக்கும். அதற்கு விழும் ஆர்டர் எண்ணை, 87 என்று வைத்துக்கொள்வோம், அவருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள்.

அன்றைக்கே பத்தாயிரம் ரூபாய் யுபிஐ-யில் அனுப்புகிறார். இது முன்பணம். `Receipt` போட்டு, எதற்கு எதிராக என்று கேட்கும் இடத்தில் `Advance` என்று கொடுக்க வேண்டும். சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு அந்த நேரத்தில் ஜிஎஸ்டி கிடையாது, பில் போடும்போதுதான் வரி. ஆகவே முன்பணம் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு பில் போட வேண்டாம்.

இதுவரை என்ன நடந்திருக்கிறது? ஒரு வாக்கு கொடுத்திருக்கிறோம், பத்தாயிரம் வாங்கி வைத்திருக்கிறோம். குடோன் இருப்பு மாறவில்லை. மேஸ்திரி நமக்குக் கடன்பட்டவர் இல்லை, நாம்தான் அவருக்கு.

## லோடிங் சீட்டும் பில்லும்: எவ்வளவு போனதோ அவ்வளவுக்கே

29ஆம் தேதி குடோனில் பார்த்தால் அந்தப் பைப் 25 லென்த்தான் இருக்கிறது. மீதி 15 லென்த் கம்பெனி லோடில் 3ஆம் தேதி வரும். பெண்டு முப்பதும் இருக்கிறது. மேஸ்திரியைக் கேட்டோம். இருப்பதை அனுப்பச் சொன்னார்.

லோடிங் சீட்டில் விலை இருக்காது. ஆர்டர் எண், பொருள், எண்ணிக்கை, இறக்க வேண்டிய இடம், இவ்வளவுதான். குடோன் அண்ணன் ஏற்றியதை எண்ணி, ஏற்றிய எண்ணிக்கையைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துப் போட்ட சீட்டைப் பார்த்துத்தான் பில் போட வேண்டும், ஆர்டரைப் பார்த்து அல்ல. இந்தக் குறிப்பு முழுவதிலும் ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

ஏனென்றால் பெரும்பாலோர் செய்யும் தவறு இங்கேதான். ஆர்டர் 40, எப்படியும் 40 போகப்போகிறது, ஒரே பில்லாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டால் மூன்று இடத்தில் கணக்கு பொய் சொல்லும். குடோனில் 25 இருக்க 40 விற்றதாகப் பதிந்ததால், கம்ப்யூட்டரில் இருப்பு மைனஸ் 15 என்று காட்டும். வந்து சேராத பைப்புக்கும் சேர்த்து மேஸ்திரி கணக்கில் கடன் ஏறும். அவர் பாக்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவது நியாயம்தான். மூன்றாவது வரி. 29ஆம் தேதி போட்ட பில் இந்த மாத வரிக் கணக்கில் சேர்ந்துவிடும். 3ஆம் தேதி போகப்போகும் சரக்குக்கு முதலாளி ஒரு மாதம் முன்னாலேயே வரி கட்ட வேண்டி வரும்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. "இப்ப ஏத்தி அனுப்புங்க, சாயங்காலம் பில் போட்டுக்கலாம்." விற்ற சரக்கு கடையை விட்டுக் கிளம்பும் முன்போ, கிளம்பும்போதோ பில் இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டால் டிரைவர் கையில் காட்ட எதுவும் இருக்காது. சாயங்காலம் என்பது பல நாளில் மறுநாள் ஆகும், மறுநாளில் சீட்டு தொலைந்திருக்கும்.

பில்லில் மூன்று படி அச்சாகும். முதல் படி வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டியோடு, மூன்றாவது நமக்கு. பில்லின் மதிப்பு பெரிதானால் இன்னொரு காகிதமும் சேரும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ, வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டினாலோ இ-வே பில் எடுக்க வேண்டும். இது வண்டி எண்ணோடு அரசாங்கத் தளத்தில் பதியும் போக்குவரத்து அனுமதி. இந்தப் பில்லுக்கு அது தேவையில்லை.

பில் போடும் திரையில் ஆர்டர் எண்ணைக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே 87-ஐத் தேர்ந்தெடுத்தால் ஆர்டரில் 25 கழிந்து 15 நிலுவையில் நிற்கும். அதைத் தாண்டிப்போய் நேராகப் பொருளைத் தட்டினாலும் பில் விழும், தொகையும் சரியாக இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஆர்டர் 40-ம் நிலுவையிலேயே நிற்கும். என் இரண்டாம் வருஷத்தில் இப்படி நான் விட்ட ஓர் ஆர்டரைப் பார்த்து, நான் லீவில் இருந்த நாளில் இன்னொருவர் முழுச் சரக்கையும் மறுபடி அனுப்பிவிட்டார். சைட்டில் வாட்ச்மேன் இறக்கி வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து குடோன் கணக்கு எடுக்கும்போதுதான் தெரிந்தது. அனுப்பியவர் மேல் தப்பில்லை, நிலுவைப் பட்டியல் அவரிடம் அப்படிச் சொன்னது.

ஆக, இந்தக் கட்டத்தில் கடையை விட்டு 25 பைப்பும் 30 பெண்டும் போயிருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் பில். ஆர்டரில் 15 பைப் மிச்சம்.

## பில்லுக்குள் என்ன இருக்கிறது

பைப் 25 × 600 = 15,000. பெண்டு 30 × 100 = 3,000. இரண்டும் சேர்த்து 18,000. இது வரிக்கு முந்திய மதிப்பு. இரண்டுக்கும் வரி 18 சதவீதம், அதாவது 3,240. பில் தொகை 21,240.

அந்த 3,240 பில்லில் ஒரே வரியாக வராது. மத்திய ஜிஎஸ்டி 1,620, மாநில ஜிஎஸ்டி 1,620 என்று பாதி பாதியாக வரும். விற்பவரும் சரக்கு போய்ச் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்தால் இப்படி. மாநிலம் தாண்டினால் 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரியாக வரும்.

எங்கள் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். கேரளாவில் இருக்கும் கொல்லங்கோடு, சித்தூர், பாலக்காடு எல்லாம் பக்கம்தான், அங்கிருந்து கடைக்காரர்கள் நம்மிடம் வாங்குகிறார்கள். அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 15 இருக்கும், முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. 32-இல் தொடங்கும் கடைக்கு நம் வண்டியில் கொல்லங்கோட்டுக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி. தவறிப்போய்ப் பாதி பாதியாகப் போட்டாலும் மொத்தத் தொகை ஒன்றுதான் என்பதால் கவுன்டரில் யார் கண்ணுக்கும் படாது. ஆனால் பணம் வேறு கணக்குக்குப் போய்விட்டது. சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு முதலாளி மனுப் போட வேண்டும். புதுப் பார்ட்டியைக் கணக்கில் சேர்க்கும்போதே மாநிலத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் டாலியே பிரித்துப் போட்டுவிடும்.

ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு எண் இல்லாமல் பில் போடுவது இன்னொரு தவறு. அவர் நமக்குக் கொடுத்த 3,240-ஐ, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். ஆனால் நாம் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைப் பட்டியலில் அவருடைய எண்ணோடு அந்தப் பில் இருந்தால்தான் அது அவருக்குக் கிடைக்கும். "கேஷ் சேல்ஸ்" என்று போட்டுவிட்டால் அவர் வரியையும் கொடுத்துவிட்டு வரவையும் இழக்கிறார். அதனால் பில் போடும் முன் "ஜிஎஸ்டி நம்பர் இருக்குங்களா?" என்று ஒருமுறை கேளுங்கள். கொடுத்த பிறகு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். O-வும் பூஜ்யமும் மாறிப்போவது சாதாரணமாக நடக்கும்.

இப்போது "வரியோடு", "வரி தனி" விஷயம். ஒரு பொருளை வரியோடு 118 ரூபாய் என்று சொல்லி விற்றீர்கள். வரி எவ்வளவு? 118-இல் 18 சதவீதம் என்று கணக்குப் போட்டு 21.24-ஐக் கழித்து 96.76 என்று எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு. வரி பொருளின் விலை மேல் ஏறியது, மொத்தத்தின் மேல் அல்ல. 118-ஐ 1.18-ஆல் வகுக்க வேண்டும். வருவது 100; வரி 18. கைக்கு இது பழகும்வரை கால்குலேட்டர் மேல் "÷ 1.18" என்று ஒரு சீட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்திருந்தேன்.

"பில் வேண்டாம், எஸ்டிமேட் போட்டுக் குடுங்க, வரிய விட்டுருங்க" என்று கேட்பார்கள். அடிக்கடி கேட்பார்கள். எஸ்டிமேட்டும் கொட்டேஷன் மாதிரி விலை சொல்லும் காகிதம்தான், அதைக் கொடுத்துச் சரக்கை அனுப்பக் கூடாது. வரி ஏய்ப்பு என்ற பெரிய காரணத்தோடு கவுன்டரிலேயே தெரியும் காரணமும் ஒன்று உண்டு. பில் இல்லாமல் போன சரக்கு கம்ப்யூட்டர் இருப்பில் அப்படியே நிற்கும். அது இருப்பதாக நம்பி அடுத்தவருக்கு வாக்குக் கொடுப்பீர்கள், குடோனில் தட்டு காலியாக இருக்கும். நாளைக்கு அந்தப் பைப் வெடித்து அவர் திரும்பி வந்தால், இங்கே வாங்கியது என்பதற்கு அவரிடமும் எதுவும் இருக்காது. இதைப் பொறுமையாகச் சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மற்றவர்களை முதலாளியிடம் அனுப்பிவிடுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

சுருக்கம்: போன சரக்கின் மதிப்பு, அதன் மேல் வரி, அந்த வரி எந்தக் கணக்குக்கு, யார் எண்ணில். இந்த நான்கும் சரியாக இருந்தால் பில் சரி.

## ரசீது: பணம் எந்தப் பில்லுக்கு வந்தது?

பில் தொகை 21,240. முன்பணம் 10,000 நம்மிடம் இருக்கிறது. பில் போடும்போது டாலி, இந்தத் தொகையை எப்படிப் பதிவது என்று கேட்கும். முன்பணத்தைத் தேர்ந்தெடுத்து 10,000-ஐ `Agst Ref` என்று கழித்துவிட்டு, மீதி 11,240-ஐ `New Ref` என்று புது பாக்கியாக வைக்க வேண்டும்.

`Agst Ref` என்றால் ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு எதிராக என்று அர்த்தம். பின்னால் பணம் வரும்போதும் இதைத்தான் கொடுத்து, எந்தப் பில்லுக்கு வந்தது என்று காட்ட வேண்டும். அவசரத்தில் கை `On Account` பக்கம் போகும். அது பொதுவாக வரவு வைப்பது. பணம் கணக்கில் சேரும், எந்தப் பில்லோடும் ஒட்டாது. மொத்த பாக்கி சரியாகத்தான் காட்டும். ஆனால் பில்வாரிப் பட்டியலில் பழைய பில் அப்படியே கட்டாததாக நிற்கும், நாள் ஏற ஏற 60 நாள், 90 நாள் என்று சிவப்பில் வரும். அதைப் பார்த்து வசூலுக்குப் போகும் தம்பி, என்றைக்கோ கட்டிய பில்லுக்காக ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். பதினைந்து வருஷம் நம்மிடம் வாங்கிய ஒருவர் அதனாலேயே வருவதை நிறுத்தினார். பிறகு பட்டியலைத் திருத்திவிட்டோம், அவர் மட்டும் திரும்ப வரவில்லை.

எந்தப் பில்லுக்கு என்று வாடிக்கையாளர் சொல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள். அவருக்கும் நினைவில்லை என்றால் பழைய பில்லுக்கு முதலில் வைத்து, அப்படி வைத்ததை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

யுபிஐ பணத்துக்கு ஒன்று. வாடிக்கையாளர் போனில் காட்டும் பச்சை டிக் போதாது. கடைப் போனில் வரவு வந்ததைப் பார்த்த பிறகுதான் ரசீது. ரொக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு: ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பிரித்துப் பிரித்து ரசீது போட்டாலும் அது மாறாது.

## திரும்பி வந்த சரக்கு, தப்பாக விழுந்த பில்

30ஆம் தேதி மேஸ்திரி ஆறு பெண்டைத் திருப்பி அனுப்புகிறார், எண்ணிக்கை கூடிவிட்டதாம். பழைய பில்லைத் திறந்து 30-ஐ 24 ஆக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. அந்தப் பில்லின் முதல் படி அவர் கையில் இருக்கிறது. நாம் இங்கே மாற்றினால் ஒரே எண்ணில் இரண்டு வேறு பில்கள் உலகத்தில் இருக்கும்.

அதற்குத்தான் கிரெடிட் நோட். முன்பு போட்ட பில்லில் இவ்வளவைக் குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் தனிக் காகிதம் அது, எந்தப் பில்லுக்கு எதிராக என்ற எண்ணோடு. ஆறு பெண்டு 600, வரி 108, மொத்தம் 708. சரக்கு இருப்பில் ஆறு ஏறும், மேஸ்திரி பாக்கி 11,240-இலிருந்து 10,532 ஆகும், வரியில் 108 குறையும். வந்த பெண்டில் பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பசை பட்டதை மறுபடி விற்க முடியாது.

தப்பாக விழுந்த பில் வேறு விஷயம். பெயர் மாறிப் போட்டுவிட்டீர்கள், காகிதம் இன்னும் கவுன்டரை விட்டுப் போகவில்லை, சரக்கும் ஏறவில்லை. அப்போது ரத்து செய்யலாம். ஆனால் ரத்து செய்வதும் அழிப்பதும் ஒன்றல்ல. டாலியில் `Alt+X` ரத்து, `Alt+D` அழிப்பு. ரத்து செய்தால் பில் எண் இருக்கும், தொகை இருக்காது. அழித்தால் எண்ணே போய்விடும். பில் எண்கள் ஒரு நிதியாண்டுக்குள் வரிசையாக வர வேண்டும் என்பது விதி. 411-க்கு அடுத்து 413 இருந்தால், 412-இல் எதை மறைத்தீர்கள் என்றுதான் எவரும் கேட்பார்கள். அச்சான மூன்று படியையும் குறுக்கே கோடு போட்டு ஃபைலில் வையுங்கள்.

## இரவுக் கணக்கு

கடை சாத்தும் முன் கல்லாவை எண்ணுவோம். புதிதாக வருபவர் முதல் வாரம் குழம்புவது இங்கேதான். இன்று 64,000-க்கு பில் போட்டிருக்கிறேன், கல்லாவில் 19,500-தான் இருக்கிறதே என்று பயந்துவிடுவார்கள்.

விற்பனை வேறு, ரொக்கம் வேறு. அந்த 64,000-இல் 38,000 கடன் பில், 14,000 யுபிஐ என்றால் ரொக்க விற்பனை 12,000தான். காலையில் கல்லாவில் 5,000 வைத்தோம். பழைய பாக்கிக்கு ஒருவர் 4,000 ரொக்கமாகக் கொடுத்தார். வண்டி வாடகையும் டீயுமாக 1,500 வெளியே போனது. 12,000, 5,000, 4,000 மூன்றையும் கூட்டி 1,500-ஐக் கழித்தால் 19,500. சரியாக இருக்கிறது.

சரியாக இல்லாவிட்டால் சொந்தப் பணத்தைப் போட்டுச் சமன் செய்யாதீர்கள். அதிகமாக இருந்தால் எடுத்து ஓரமாக வைக்கவும் கூடாது. வித்தியாசத்தை அப்படியே எழுதி முதலாளியிடம் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது யுபிஐ-யில் வந்ததை ரொக்கமாகப் பதிந்திருக்கிறோமா என்பது. பத்தில் ஏழு தடவை வித்தியாசம் அங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம். அடுத்தது, ரசீது போடாமல் டிராயரில் விழுந்த பழைய பாக்கிப் பணம்.

பிறகு லோடிங் சீட்டுகளை எடுத்து அன்றைய பில்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பின் அடியுங்கள். பில் இல்லாத சீட்டு இருந்தால் சரக்கு கணக்கில்லாமல் போயிருக்கிறது. சீட்டு இல்லாத பில் இருந்தால் போகாத சரக்குக்கு பில் விழுந்திருக்கிறது. பத்து நிமிஷ வேலை, இரண்டையும் அன்றைக்கே பிடித்துவிடலாம்.

## நான் கிளம்பும்போது திறந்திருப்பவை

ஆர்டர் 87-இல் 15 லென்த் நிலுவை. 3ஆம் தேதி லோடு வந்ததும் குடோன் அண்ணனிடம் சொல்லி அனுப்புங்கள். சரக்கின் மதிப்பு 9,000, வரி 1,620, பில் தொகை 10,620. பில் போடும்போது ஆர்டர் எண்ணைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். அப்போது ஆர்டர் நிலுவைப் பட்டியலிலிருந்து தானாகப் போய்விடும். பழைய பாக்கி 10,532-உடன் சேர்த்து மேஸ்திரி தர வேண்டியது 21,152.

அவர் வழக்கமாக சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் வருவார். பழைய பில், புதுப் பில் இரண்டின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, "எதுல வெக்கறீங்கம்மா?" என்று அவரே கேட்பார்.